29 வருஷம்

அத்தான்,

இன்றோடு நமக்குக் கல்யாணமாகி 29 வருஷம். நேரில் சொன்னால் "சரி, சரி" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். போன மாசம் நீங்கள் மகளைப் பார்க்கச் சென்னை போயிருந்த நாலு நாளும் நானே பூட்டினேன், நானே இழுத்தும் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

அப்புறம் அந்தத் தேங்காய். கல்யாணமான புதிதில், சொதி வைக்கத் துருவும்போது என் விரல் கிழிந்தது. அன்றையிலிருந்து அந்த வேலையை நீங்கள் என்னிடம் விட்டதே இல்லை. தோளில் துண்டோடு திருவலை முன்னால் உட்கார்ந்து, ஓடு தெரியாமல் வெள்ளையாகத் துருவி, முதல் பாலையும் நீங்களே பிழிந்து வைப்பீர்கள். கை கழுவிக்கொண்டே, "இஞ்சித் துவையல் உண்டுல்லா?" என்று ஒரு கேள்வி. என்றைக்கு இல்லாமல் இருந்தது? ஆனாலும் நீங்கள் கேட்க வேண்டும், நான் "உண்டு" என்று சொல்ல வேண்டும்.

காலையில் நான் பிரஷர் மாத்திரையை விழுங்கும்வரை தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நிற்கிறீர்களே, அதையும் நான் கவனிக்காமல் இல்லை.

சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போவோம். ஆற்றுப் படியில் இறங்கும்போது ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வீர்கள். அதற்காகவே வருகிறேன்.