2009-10 ஆண்டுக் கேட்புக்கு ஈடாக என் ரீஃபண்டைக் கழித்துக்கொண்டது குறித்த எழுத்துமூல ஆட்சேபம்

கும்பகோணம்,
24 நவம்பர் 2025.

அனுப்புநர்:
ம. சரோஜா,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை.
(முகவரி, பான் எண்: இணைப்பு 1-இல் உள்ள அட்டை நகலின்படி)

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
என் பான் எண்ணுக்கு அதிகாரம் பெற்ற வார்டு.

நகல்: மையச் செயலாக்க மையம், பெங்களூரு (இணையதளம் வழியாக).

பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2025-26க்கான ரீஃபண்ட் ரூ. 32,350-ஐ மதிப்பீட்டு ஆண்டு 2009-10க்கான கேட்புக்கு ஈடுகட்டியது — பிரிவு 245இன் கீழ் ஆட்சேபம் — கேட்பை ரத்து செய்து தொகையைத் திருப்பித் தர வேண்டுதல்.

பார்வை: பிரிவு 143(1) அறிவிப்பு, நாள் 27.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மதிப்பீட்டு ஆண்டு 2025-26க்கான கணக்கை 11.08.2025 அன்று தாக்கல் செய்தேன். ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியுமே என் வருமானம். பிரிவு 87ஏ தள்ளுபடிக்குப் பின் வரி ஏதும் இல்லை. வங்கி பிடித்த ரூ. 31,260 எனக்குத் திரும்பி வர வேண்டும். உங்கள் அறிவிப்பும் அதையே ஏற்று, 244ஏ வட்டியும் சேர்த்து ரூ. 32,350 என்று கணக்கிட்டிருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில், அந்தத் தொகை முழுவதும் 2009-10ஆம் மதிப்பீட்டு ஆண்டின் நிலுவைக்குச் சரிக்கட்டப்பட்டதாகச் சொல்கிறது: கேட்புத் தொகைக்கு ரூ. 24,280, பிரிவு 220(2) வட்டிக்கு ரூ. 8,070. மீதி வட்டி ரூ. 35,006 இன்னும் பாக்கி என்று தளத்தில் காட்டுகிறது.

இப்படி ஒரு கேட்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தளத்தில் "Response to Outstanding Demand" பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு கிடைத்த விவரம் இவ்வளவுதான்: பிரிவு 143(1), நாள் 20.12.2010, தொகை ரூ. 24,280. எதற்காக, எப்படிக் கணக்கிட்டது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அதே பக்கத்தில் "Disagree with demand" என்று பதிலளித்து விட்டேன். அந்தப் பெட்டிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. முப்பது வருடம் கணிதம் நடத்தியவள் என்பதால், உங்கள் தொகை எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 2008-09 நிதியாண்டில் என் மொத்த வருமானம் ரூ. 3,34,600. பெண்களுக்கு அப்போது ரூ. 1,80,000 வரை வரி இல்லை. அடுத்த ரூ. 1,20,000க்கு 10 சதவீதம், அதாவது ரூ. 12,000. அதற்கு மேலிருந்த ரூ. 34,600க்கு 20 சதவீதம், ரூ. 6,920. 3 சதவீதக் கல்வி மேல்வரியோடு மொத்தம் ரூ. 19,488. இதே ரூ. 19,488 என் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டிருக்கிறது. பள்ளியிலிருந்து தந்த படிவம் 16 அப்படியே சொல்கிறது. 2009 ஜூலையில், கெடுவுக்குள், நான் கொடுத்த ரிட்டர்னிலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

இப்போது அந்த டிடிஎஸ் வரவை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வரி ரூ. 19,488. பிரிவு 234பி வட்டி, 2009 ஏப்ரல் முதல் 2010 டிசம்பர் வரை 21 மாதத்துக்கு ரூ. 4,074. பிரிவு 234சி வட்டி, மூன்று தவணைக்கும் சேர்த்து ரூ. 716. கூட்டினால் ரூ. 24,278, பத்தின் மடங்குக்கு முழுமையாக்கினால் ரூ. 24,280. உங்கள் கேட்பு ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் வந்துவிடுகிறது. ஆக, நான் வருமானத்தை மறைத்ததாகவோ தவறான கழிவு கேட்டதாகவோ எந்தக் குற்றச்சாட்டும் இந்தக் கேட்பில் இல்லை. என் சம்பளத்தில் பிடித்த வரியை என் பெயரில் வரவு வைக்கவில்லை, அவ்வளவே. வரவே இல்லாததால் முன்வரி கட்டவில்லை என்று அதன் மேல் வட்டியும் ஏறியிருக்கிறது.

அந்த ஆண்டுக்கான படிவம் 26ஏஎஸ்ஸை இப்போது இறக்கிப் பார்த்தேன். பள்ளியின் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. காலாண்டு அறிக்கை கொடுக்காமல் விட்டார்களா, என் பான் எண்ணை மாற்றி எழுதினார்களா என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. எதுவானாலும் அது பிடித்தம் செய்தவருக்கும் துறைக்கும் இடையிலான விஷயம். சம்பளத்தில் வரி பிடித்த பின், அந்த அளவுக்கு அதே வரியை ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று பிரிவு 205 தடுக்கிறது. பிடித்தவர் அரசுக்குக் கட்டாமல் விட்ட காரணத்துக்காக ஊழியர் மீது கேட்பை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 01.06.2015 அன்று அறிவுறுத்தி, 11.03.2016 அன்று மறுபடியும் நினைவூட்டியிருக்கிறது. கேட்காமலே ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்வது இந்த அறிவுறுத்தலின் நோக்கத்துக்கு எப்படிப் பொருந்தும்?

அடுத்து, அறிவிப்பு. 20.12.2010 நாளிட்ட 143(1) அறிவிப்பு என் கைக்கு வரவே இல்லை. 1998 முதல் நான் இதே வீட்டில்தான் இருக்கிறேன். பான் பதிவிலும் இதே முகவரிதான். ஓய்வூதிய ஆணை வந்த வீட்டுக்கு, வாக்காளர் அட்டை வந்த வீட்டுக்கு, இது மட்டும் வழி தெரியாமல் போயிருக்காது. அனுப்பியிருந்தால் தபால் பதிவோ ஒப்புகைச் சீட்டோ உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அதன் நகலைத் தாருங்கள். அனுப்பியதைக் காட்டும் பொறுப்பு துறையுடையது. வராததை நான் எதைக் கொண்டு நிரூபிப்பது?

2013 மார்ச் 14 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் (ரிட் மனு 2659/2012) இந்த நிலையைத்தான் ஆராய்ந்தது. பழைய கேட்புகளைக் கணினியில் ஏற்றி, வரி செலுத்துவோருக்குச் சொல்லாமலே ரீஃபண்டில் கழிப்பதாக எழுந்த புகார் அது. பிரிவு 245 கேட்கும் முன்னறிவிப்பைக் கொடுத்து, பதிலைப் பரிசீலித்த பிறகே ஈடுகட்ட வேண்டும் என்றும், சேர்ப்பிக்கப்படாத 143(1) அறிவிப்பின் கேட்பை வசூலிக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. பிரிவு 245 பின்னர் 2023இல் மாற்றி எழுதப்பட்டபோதும், ஈடுகட்டுவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது.

எனக்கு அந்த முன்னறிவிப்பு வரவில்லை. 2021 ஜூனில் புதிய தளம் தொடங்கியபோது என் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் நானே புதுப்பித்தேன். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் 143(1) அறிவிப்பு தவறாமல் வந்திருக்கிறது. பிரிவு 245 கடிதம் ஒன்றும் இல்லை. 27.10.2025 அறிவிப்பு பணத்தைக் கழித்த பிறகு சொல்வது. அதை முன்னறிவிப்பாகக் கொள்ள முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2017-18க்கு ரூ. 4,310-ம், 2020-21க்கு ரூ. 6,890-ம் எனக்கு ரீஃபண்டாக வந்தன. இரண்டுமே முழுதாக என் வங்கிக் கணக்கில் ஏறின. 2010இலிருந்தே நிலுவை இருந்தது என்றால் அப்போது ஏன் ஒரு பைசாவும் கழிக்கவில்லை? இந்தப் பதிவு எந்த நாளில், யாரால் கணினியில் ஏற்றப்பட்டது என்பதையும் தெரிவிக்கக் கோருகிறேன்.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாக. 2011 ஜனவரி முதல் 2025 அக்டோபர் வரை 178 மாதம், மாதம் ரூ. 242 வீதம் ரூ. 43,076 போட்டிருக்கிறீர்கள். கேட்பு அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்டு 30 நாள் கழிந்த பிறகுதான் பிரிவு 220(2) வட்டி ஓடத் தொடங்கும். சேர்ப்பிக்கவே இல்லை என்னும்போது தொடக்க நாளே கிடையாது. அசலைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் வட்டி வளர்ந்தது நான் கட்டாமல் இழுத்தடித்ததால் அல்ல. என்னிடம் யாரும் கேட்காததால்.

வாதத்துக்காக இந்தக் கேட்பு சரியானது என்றே வைத்துக்கொள்வோம். 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்ததைத் தொடர்ந்து, வாரியம் 13.02.2024 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. 31.01.2024 அன்று நிலுவையில் இருந்த கேட்புகளில், மதிப்பீட்டு ஆண்டு 2010-11 வரையிலானவற்றில் ஒவ்வொன்றும் ரூ. 25,000 வரை இருந்தால் தள்ளுபடி; ஒருவருக்கு மொத்த உச்சவரம்பு ரூ. 1 லட்சம். என் மீதுள்ளது ஒரே கேட்பு, ஆண்டு 2009-10, தொகை ரூ. 24,280. அன்று அது நிலுவையில் இருந்திருந்தால் அப்போதே அணைந்திருக்க வேண்டும். நிலுவையில் இல்லை என்றால் 2025இல் எங்கிருந்து வந்தது? இரண்டில் எது உண்மையானாலும் ரூ. 32,350-ஐக் கழிக்க இடமில்லை. அந்தத் தள்ளுபடியைக் காட்டி நான் புதிதாக ரீஃபண்ட் கேட்கவில்லை. 2025-26க்கு நீங்களே தீர்மானித்த ரீஃபண்டைத்தான் கேட்கிறேன்.

பிரிவு 154இன் நான்கு ஆண்டுக் கெடு 2015 மார்ச்சோடு முடிந்தது, இனி திருத்த முடியாது என்று பதில் வரக்கூடும் என நினைக்கிறேன். கைக்கு வராத அறிவிப்புக்கு எதிராக நான் யாரிடம், எப்போது திருத்த மனு கொடுத்திருக்க முடியும்? பழைய கேட்பைப் பதினைந்து ஆண்டு கழித்து வசூலிக்கக் காலம் தடையில்லை, அதில் உள்ள பிழையைத் திருத்த மட்டும் காலம் தடை என்பது நியாயமாகாது. அப்படியும் தடை இருப்பதாக நீங்கள் கருதினால், பிரிவு 119(2)(பி)இன் கீழ் தாமதத்தை மன்னிக்கும் விண்ணப்பமாக இந்தக் கடிதத்தையே எடுத்து, உரிய மேலதிகாரிக்கு அனுப்பி வையுங்கள்.

ஆகவே, படிவம் 16-இன்படி ரூ. 19,488 டிடிஎஸ் வரவை அளித்து 2009-10 கேட்பையும், மீதி ரூ. 35,006 உட்பட அதன் மேல் போட்ட 220(2) வட்டி முழுவதையும் ரத்து செய்யுங்கள். கழித்துக்கொண்ட ரூ. 32,350-ஐப் பணம் வந்து சேரும் நாள் வரையிலான 244ஏ வட்டியோடு என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். 20.12.2010 அறிவிப்பு, அது சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்று, பிரிவு 245 முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் அது ஆகியவற்றின் நகல்களைத் தாருங்கள். இதன் மீது முடிவு எடுக்கும் வரை அடுத்த ஆண்டு ரீஃபண்ட் எதையும் இந்தப் பாக்கிக்குக் கழிக்காமல் நிறுத்தி வையுங்கள். கோரிக்கையை ஏற்க இயலாது என்றால், காரணங்களோடு கூடிய எழுத்துமூல ஆணையாகத் தாருங்கள். மேல்முறையீட்டுக்கு எனக்கு அது தேவைப்படும். நேரில் விளக்கம் வேண்டும் என்றால் நாள் குறித்துச் சொல்லுங்கள், மூலப் படிவம் 16-உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. சரோஜா

இணைப்புகள்: 1. பான் அட்டை நகல். 2. 27.10.2025 நாளிட்ட 143(1) அறிவிப்பு. 3. 2008-09 நிதியாண்டுக்கான படிவம் 16. 4. 2009-10 ரிட்டர்ன் ஒப்புகை, அலுவலக முத்திரையுடன். 5. 2009-10க்கான படிவம் 26ஏஎஸ். 6. முந்தைய இரண்டு ரீஃபண்டுகளும் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள். 7. தளத்தில் அளித்த பதிலின் ஒப்புகை. 8. ரூ. 24,280 எப்படி வருகிறது என்ற கணக்குத் தாள். 9. இக்கடிதத்தின் ஆங்கிலப் பிரதி.