இருமத் தேடல்: மறுபயிற்சித் தாள், விடைக் குறிப்புடன்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல்
நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 25

திருப்புதல் தேர்வில் இருமத் தேடல் கணக்கை யாரும் விட்டுவிடவில்லை. ஆனாலும் மதிப்பெண் போனது, இரண்டு இடங்களில். பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று பார்க்காமலே low, high எழுதத் தொடங்கிவிட்டீர்கள். ஒப்பீடுகளை எண்ணும்போது ஒன்று கூடியது, அல்லது குறைந்தது. இந்தத் தாளில் சில வினாக்கள் வேண்டுமென்றே குறையோடு கேட்கப்பட்டுள்ளன. குறையைக் கண்டுபிடித்துக் காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண் உண்டு.

எல்லா வினாக்களுக்கும் இதே நிரல்தான்:

```python
def thedu(a, x):
    low, high = 0, len(a) - 1
    while low <= high:
        mid = (low + high) // 2
        if a[mid] == x:
            return mid
        if a[mid] < x:
            low = mid + 1
        else:
            high = mid - 1
    return -1
```

ஒரு mid உறுப்பை எடுத்துப் பார்ப்பது ஒரு "சோதனை". a[mid]-ஐ x-உடன் == கொண்டோ < கொண்டோ ஒருமுறை ஒப்பிடுவது ஒரு "ஒப்பீடு". while வரியில் உள்ள low <= high இந்தக் கணக்கில் சேராது.

வினாக்கள்

1. 12, 45, 7, 30, 21, 60, 18 என்ற பட்டியலில் இருமத் தேடல் மூலம் 7-ஐக் கண்டுபிடிக்க எத்தனை சோதனைகள் தேவை? இதே நிரலை இந்தப் பட்டியலின் ஏழு எண்களுக்கும் தனித்தனியே ஓட்டினால் எவையெவை கிடைக்கும்? (5)

2. மேலுள்ள பட்டியலை ஏறுவரிசைப்படுத்திய பின் 7-ஐத் தேடிய ஒரு மாணவி, "விடை: இன்டெக்ஸ் 0" என்று எழுதினாள். வினா கேட்டது, கொடுத்த பட்டியலில் 7 எங்கே இருக்கிறது என்பதை. அவளுக்கு மதிப்பெண் உண்டா? (2)

3. 5, 9, 14, 22, 31, 38, 47, 53, 66, 80. இதில் 47, 50, 6 ஆகியவற்றைத் தேடும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை சோதனைகள், எத்தனை ஒப்பீடுகள்? (6)

4. வரிசைப்படுத்தப்பட்ட பட்டியலில் 1000, 1023, 1024 உறுப்புகள் இருந்தால், மிக மோசமான நிலையில் எத்தனை சோதனைகள்? (4)

5. வினா 3-இன் பட்டியலை இறங்குவரிசையில் கொடுத்து, நிரலை மாற்றாமல் ஓட்டினால் எத்தனை உறுப்புகள் கிடைக்கும்? (2)

6. வருகைப் பதிவு எண்கள் `["1", "2", "3", ..., "12"]` என்று சரங்களாக உள்ளன. `thedu(a, "10")` என்ன தரும்? (4)

7. "வரிசையில் இல்லாத 1000 எண்களில் ஒன்றை ஒரே ஒருமுறை தேட வேண்டும். வரிசைப்படுத்திவிட்டு இருமத் தேடல் செய்தால் 10 சோதனைகளில் முடிந்துவிடும்." இந்தக் கூற்றை ஆராய்க. (2)

விடைக் குறிப்பு

1. "3" என்று மட்டும் எழுதியவர்களுக்கு மதிப்பெண் இல்லை. பட்டியல் வரிசையில் இல்லை. ஆகவே வினாவே பொருந்தாது. நிரலை ஓட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். mid = 3, அங்கே 30. 7 சிறியது, high = 2. அடுத்து mid = 1, அங்கே 45. high = 0. அடுத்து mid = 0, அங்கே 12. high = -1. மூன்று சோதனைகளுக்குப் பின் நிரல் -1 தருகிறது. 7 இருப்பதோ இன்டெக்ஸ் 2-இல். நிரல் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், "இல்லை" என்று அமைதியாகப் பொய் சொல்கிறது.

ஏழையும் ஓட்டிப் பார்த்தால் 30, 12, 60 மூன்றும் கிடைக்கும். 45, 7, 21, 18 நான்கும் கிடைக்காது. "சார், நான் 60-ஐப் போட்டுப் பார்த்தேன், சரியா வந்ததே" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். ஒரு எண் கிடைத்துவிட்டது என்பதால் பட்டியல் தகுதியானது என்று ஆகிவிடாது.

2. பாதி மதிப்பெண். தேடல் சரி, வரிசைப்படுத்திய பட்டியலில் 7 முதலில்தான் இருக்கிறது. ஆனால் கொடுத்த பட்டியலில் அதன் இன்டெக்ஸ் 2. வரிசைப்படுத்தும்போது பழைய இடம் தொலைந்துபோகும். அது வேண்டுமென்றால் ஒவ்வோர் எண்ணுடனும் அதன் பழைய இன்டெக்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு வரிசைப்படுத்த வேண்டும்.

3. 47-க்கு: 31, 53, 38, 47. நான்கு சோதனைகள். முதல் மூன்றில் == பொய்யாகி < வரை போகிறோம், ஆகவே தலா இரண்டு ஒப்பீடுகள். நான்காவதில் == உண்மையாகிவிடுவதால் ஒன்றுதான். மொத்தம் 7. "8" என்று எழுதியவர்கள் கடைசிச் சோதனைக்கும் இரண்டு போட்டுவிட்டார்கள். "3" என்று எழுதியவர்கள், கண்டுபிடித்த சோதனையை எண்ணவே இல்லை. கண்டுபிடிக்கவும் அந்த உறுப்பைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்!

50-க்கு: 31, 53, 38, 47. அதே நான்கு சோதனைகள். எங்கும் == உண்மையாகாததால் 8 ஒப்பீடுகள். low = 7, high = 6 ஆனதும் சுழற்சி நிற்கிறது. அப்போது while நிபந்தனை ஐந்தாவது முறை சரிபார்க்கப்படும். அதையும் ஒரு சோதனையாக எண்ணி 5 எழுதியவர்கள் பலர்.

6-க்கு: 31, 9, 5. மூன்றே சோதனைகள், 6 ஒப்பீடுகள். "இல்லாத எண்ணுக்கு எப்போதும் அதிகபட்சச் சோதனைகள் தேவை" என்ற மனப்பாட வரி இங்கே உடைகிறது.

பொதுத் தேர்விலோ நேர்முகத் தேர்விலோ "எத்தனை ஒப்பீடுகள்" என்று மட்டும் கேட்டிருந்தால், எதை ஒப்பீடு என்று எண்ணுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். பெரும்பாலான விடைக் குறிப்புகள் ஒரு சோதனையையே ஓர் ஒப்பீடாக எடுத்துக்கொள்ளும். அந்த வழக்கில் 47-க்கு விடை 4.

4. 10, 10, 11. log₂ 1024 சரியாக 10 என்பதால் "10" என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. மடக்கையை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் பகுதிகளில் பெரியதை எழுதிப் பாருங்கள்: 1024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பதினொரு எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. கடைசியில் தனியாக நிற்கும் அந்த 1-ஐயும் பார்க்க வேண்டும். 1023-க்கு: 1023, 511, 255, 127, 63, 31, 15, 7, 3, 1. பத்து. நடு உறுப்பைப் பார்த்துக் கழித்துவிடுவதால் 1023-இல் மீதி 1022, பாதி 511. சூத்திரமாக வேண்டுமானால், log₂ n-இன் பின்னப் பகுதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். log₂ 1000 ஏறத்தாழ 9.97. 9-உடன் 1 சேர்த்தால் 10. பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினாலும் 1000-க்கு அதே 10 வந்துவிடுவதால், தவறான சூத்திரம் பல பயிற்சிக் கணக்குகளில் தப்பித்துவிடும். 1024 போன்ற எண்ணில்தான் மாட்டும்.

5. ஒன்றே ஒன்று: இன்டெக்ஸ் 4-இல் உள்ள 38. மற்ற எதைத் தேடினாலும் முதல் அடியிலேயே எதிர்ப் பக்கம் போய்விடும்.

6. -1. எண்ணாகப் பார்த்தால் பட்டியல் வரிசையில் இருக்கிறது. சரமாகப் பார்த்தால் இல்லை. பைத்தான் சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். ஆகவே "10" என்பது "2"-ஐவிடச் சிறியது. mid = 5-இல் "6", mid = 2-இல் "3", mid = 0-இல் "1", mid = 1-இல் "2". நான்கு சோதனைகள், எதுவும் கிடைக்கவில்லை. ஏறுவரிசை என்று சொன்னால் போதாது. தேடலில் வரும் < எந்த வரிசையைப் பின்பற்றுகிறதோ அதே வரிசையில் பட்டியல் இருக்க வேண்டும். `int` ஆக மாற்றிவிட்டுத் தேடினால் இன்டெக்ஸ் 9 கிடைக்கும்.

7. கூற்று தவறு, வரிசைப்படுத்தும் செலவு கணக்கில் வரவில்லை. 1000 எண்கள் ஏறுவரிசையில் உள்ளனவா என்று உறுதிசெய்யவே, அடுத்தடுத்த இணைகளாக 999 ஒப்பீடுகள் தேவை. தேடலுக்கு 10 சேர்த்தால் 1009. வரிசைப்படுத்துவது இதைவிட அதிகம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் வரிசைமுறைத் தேடலோ அதிகபட்சம் 1000-இல் முடிந்துவிடும். நிரல் பட்டியலைத் தானே சரிபார்க்காததற்கும் இதே காரணம்: சரிபார்க்கப் போனால் இருமத் தேடலின் வேகமே போய்விடும். பைத்தானின் `bisect` கூட அதைச் சரிபார்ப்பதில்லை. ஒரே பட்டியலில் பல நூறு முறை தேட வேண்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது ஒருமுறை வரிசைப்படுத்திய செலவு வசூலாகிவிடும். இதையும் சேர்த்து எழுதியவர்களுக்கே முழு 2 மதிப்பெண்.