மாப்ளைக்காக ரெண்டு வார்த்தை

எல்லாருக்கும் வணக்கம். மாப்ளையும் நானும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, அதனால இவனப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு. சின்ன வயசுல இவனுக்கு கோவம் மூக்கு மேல நிக்கும், கேரம்ல தோத்தா போர்டையே கவுத்துட்டுப் போயிடுவான், அப்புறம் நாங்கதான் வீடு தேடிப் போய் சமாதானம் பண்ணணும், சாரிங்கற வார்த்தையே இவன் வாயில வராது.

அதே ஆளுதான் அவங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாத்துட்டு காலைல நேரா வேலைக்குப் போனான், வலி தாங்காம அப்பா எரிஞ்சு விழுந்தாலும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல, கையப் புடிச்சு மெதுமெதுவா நடக்க வெச்சான். அப்பா இன்னைக்கு முன் வரிசைல உக்காந்திருக்காரு, பாருங்க!

தங்கச்சி, உங்களுக்கு ஒண்ணு தெரியாது. கல்யாண வேலைல உங்க ரெண்டு பேருக்கும் சின்னதா சண்டை வந்துச்சுல்ல, அன்னைக்கு எனக்கு போன் பண்ணி "தப்பு என் மேலதான்டா, இப்பவே போய் சாரி கேக்கறேன்"னு சொன்னான். எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு.

மாப்ள, உன்ன நெனச்சா சந்தோஷமா இருக்குடா. எல்லாரும் கிளாஸைத் தூக்குங்க, ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!