பணியாளர் கையேடு, பகுதி 4: நடத்தை விதிகள் (தமிழ் வடிவம்)

திருப்பூர் பின்னலாடைப் பிரிவில் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகிய எல்லா வேலைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், பீஸ் ரேட்டில் தைப்பவர் என்ற வேறுபாடு இல்லை. சூப்பர்வைசரும் மேலாளரும் இவற்றுக்கு உட்பட்டவர்களே.

4.1 வாசிக்கும் முறை

"வேண்டும்" என்று முடிவது கடமை. செய்யாமல் விட்டால் மீறல். "கூடாது" என்று முடிவது தடை, செய்தால் மீறல். "லாம்" என்று முடிவது உரிமை. செய்தாலும் விட்டாலும் மீறல் இல்லை. "வேண்டியதில்லை" என்பதற்குக் கட்டாயம் இல்லை என்று மட்டுமே பொருள், அது தடை அல்ல. எடுத்துக்காட்டாக, ஓவர்டைம் பார்க்க மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, விரும்பினால் சொல்லலாம்.

சில தடைகளில் "அனுமதியின்றி" என்ற சொல் வரும். அது இல்லாத தடையைத் தளர்த்தும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

4.2 ஊசியும் வெட்டுக் கருவியும்

கடமைகள்

அ. ஊசி உடைந்ததும் மிஷினை நிறுத்தி, சுவிட்சை அணைக்க வேண்டும்.

ஆ. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஊசி ஆகிறதா என்று சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இ. ஒரு துண்டு குறைந்தாலும், தைத்துக்கொண்டிருந்த பீஸையும் அந்த பண்டில் முழுவதையும் சிவப்புப் பெட்டியில் வைத்து மெட்டல் டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும்.

ஈ. பேண்ட் நைஃபில் வெட்டுபவர் துணியைத் தள்ளும் கையில் கம்பி வலைக் கையுறை அணிய வேண்டும்.

தடைகள்

உ. பழைய ஊசியை ஒப்படைக்காமல் புது ஊசி வாங்கவோ கொடுக்கவோ கூடாது.

ஊ. ஊசியையும் குண்டூசியையும் சேலையிலோ சட்டையிலோ துணி பண்டிலிலோ குத்தி வைக்கக் கூடாது.

எ. விரல் காப்பையோ கண் காப்பையோ கழற்றிவிட்டுத் தைக்கக் கூடாது. பழுது பார்க்கும் மெக்கானிக் மட்டும், மின்சாரத்தைத் துண்டித்த பின் அவற்றைக் கழற்றலாம்.

ஊசி உடைந்ததற்கு அபராதமோ சம்பளப் பிடித்தமோ கிடையாது. பிடித்தத்துக்குப் பயந்து மறைக்கப்படும் துண்டு கடைசியில் ஏதோ ஒரு குழந்தையின் பனியனுக்குள் போய் நிற்கும். மீறல் என்பது உடைந்ததை மறைப்பதுதான்.

4.3 தீயும் வெளியேறும் வழியும்

மணி அடித்ததும் வேலையை அப்படியே விட்டுக் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அங்கே லைன் வாரியாகத் தலை எண்ணி முடியும்வரை நிற்க வேண்டும்.

ஆள் இருக்கும் நேரத்தில் அவசரக் கதவைப் பூட்டக் கூடாது. மஞ்சள் கோட்டுக்குள் துணி பண்டிலோ டிராலியோ நிறுத்தக் கூடாது, "ஐந்து நிமிடம்தான்" என்றாலும். அனுமதியின்றி மின் பேனலைத் திறக்கக் கூடாது.

4.4 பாலியல் துன்புறுத்தல்

விருப்பமில்லாத ஒருவரைத் தொடவோ நெருங்கவோ கூடாது. பாலியல் சலுகை கேட்கவோ, பாலியல் பொருள்படப் பேசவோ, ஆபாசப் படம் காட்டவோ கூடாது. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது விளக்கமாக ஏற்கப்படாது. வேலைக்கு வரும் வண்டியிலும் விடுதியிலும் இந்தத் தடை பொருந்தும்.

பாதிக்கப்பட்ட பெண், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். உரிய காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை அவகாசம் தரலாம். எழுத முடியாதவருக்குக் குழு உறுப்பினர் எழுதித் தர வேண்டும். முதலில் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியதில்லை. குழு 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். புகார் தந்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது.

4.5 பதிவேடும் பணமும்

வருகையையும் பீஸ் எண்ணிக்கையையும் அன்றன்றே பதிய வேண்டும். மற்றவருக்காகப் பஞ்ச் செய்யக் கூடாது. தணிக்கைக்காக இரண்டாவது பதிவேடு வைக்கக் கூடாது. மேலாளரே கேட்டாலும் இதே பதில். வேலை வாங்கித் தந்ததற்காகத் தொழிலாளியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. சப்ளையர் தரும் தீபாவளி இனிப்பை வாங்கிக்கொள்ளலாம். பணம், கிஃப்ட் கார்டு, நகை எதையும் அவரிடம் வாங்கக் கூடாது.

4.6 மீறலும் விளக்கமும்

நடவடிக்கைக் கடிதத்தில் மீறப்பட்ட விதியின் எண்ணையும், அது கடமையா தடையா என்பதையும் தமிழில் எழுத வேண்டும். பதில் தர 7 நாட்கள் உண்டு. விசாரணைக்கு உடன் பணிபுரிபவர் ஒருவரை அழைத்து வரலாம். பதில் வராததை ஒப்புதல் என்று எழுதக் கூடாது.

ஆங்கில மூலத்துக்கும் இந்த வடிவத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் மனிதவளப் பிரிவுக்குச் சொல்லலாம். அப்பிரிவு 15 நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை தமிழ் வாசகத்தின்படி நடந்தவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது.