பன்னெண்டு தேங்கா

மாவு ஏறல.

முழங்கை வரைக்கும் உள்ள போற எவர்சில்வர் போணி, சாயங்காலம் பாதிக்கு ஊத்தி வச்சா நடுராத்திரி தாண்டையில மூடிய முட்டிட்டு நிக்கணும், இப்ப பாத்தா முக்கா போணியக் கூட எட்டல. ஐப்பசி அடமழை, மூணு நாளா வெயிலு கண்ணுலயே படல, டவுன் முழுக்க செவுரெல்லாம் ஓதம் அடிச்சு கெடக்கு, மாவு மட்டும் என்ன செய்யும் பாவம். வேலு அண்ணாச்சி வெரல விட்டு ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சுப் பாத்தாரு. புளிப்பு லேசா எட்டிப் பாக்குது, அவ்வளவுதான். நாலு படி அம்பை 16 அரிசிக்கு ஒரு படி உளுந்து, ஒரு கை வெந்தயம், அவுக அப்பா காலத்து அளவு, அதுல கொறையில்ல. சோடா உப்பத் தூவி அரமணி நேரத்துல ஏத்துத ஆளுக ஊருக்குள்ள இருக்காங்க, பேரு வேண்டாம், காலையில தின்னுட்டு சாயங்காலம் வரைக்கும் ஏப்பம் விடுதவன் சொல்லுவான் எந்தக் கடைன்னு.

"லே இசக்கி, அந்த அலுமினிய சருவத்துல கை பொறுக்குத சூட்டுல வெந்நி ஊத்து. போணியத் தூக்கி அதுக்குள்ள வைப்போம். மொத ஈடு அரமணி நேரம் தள்ளிப் போவும், போட்டும்."

மணி ரெண்டே முக்கா. நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போற ரோடு, ஷட்டர இடுப்பு உசரத்துக்கு மட்டும் தூக்கி விட்டிருக்கு, அதுக்கு மேல தூக்குனா வெளிச்சத்தப் பாத்துட்டு "டீ இருக்கா"ன்னு எவனாவது லாரிக்காரன் தலைய உள்ள விட்டுருவான். மழை விட்டும் விடாம தூறிட்டு கெடந்துது. மார்க்கெட் பக்கம் வண்டி ரிவர்ஸ் எடுக்குத சத்தம், தார்ப்பாய இழுக்குத சத்தம், யாரோ யாரையோ ஏசுத சத்தம், ஆலங்குளத்துப் பக்கத்து வண்டி வந்துட்டுன்னு அர்த்தம். அஞ்சு மணிக்கு மொத லோடு எறக்கி முடிச்சிட்டு செட்டு செட்டா வருவானுவ, அதுக்குள்ள நாலு அடுப்பும் சொல்பேச்சு கேக்கணும்.

இசக்கி வெந்நிய ஊத்திட்டு தோசக்கல்லத் தேய்க்கப் போனான். வேலு அண்ணாச்சி வேக வச்ச துவரம்பருப்ப மத்தால கடைஞ்சுகிட்டே சட்டப் பையத் தொட்டுப் பாத்துகிட்டாரு. உள்ள ஒரு சாக்பீஸ் துண்டு. மக கிட்ட நேத்து சாயங்காலம் கேட்டு வாங்குனது. எதுக்குப்பான்னு அவ கேட்டதுக்கு சும்மான்னுட்டாரு.

விசயம் இதுதான். கல்லாப்பெட்டிக்குப் பின்னால சாமி படத்துக்குக் கீழ ஒரு கரும்பலகை தொங்குது, இட்லி 6, வடை 8, தோசை 30, பொங்கல் 40ன்னு எழுதி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது, ஓரத்துல எண்ணப் பிசுக்கு ஏறி ஏறி அந்த 6 பாதி 8 மாதிரி தெரியும், ஆனா யாரும் எட்டு குடுத்ததில்ல. இந்த ரெண்டு வருசத்துல உளுந்து ஏறிட்டு, நல்லெண்ண ஏறிட்டு, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரு ரெண்டு நாளைக்கு ஒண்ணு ஓடுது, கடசியா தேங்கா. தேங்கா கிலோ எழுவதத் தொட்ட அன்னைக்கித்தான் அண்ணாச்சி ஒரு வேல பாத்தாரு. பலகையில கை வைக்காம சட்னியில கை வச்சாரு. தெனமும் பன்னெண்டு தேங்கா ஒடைக்குத எடத்துல ஏழு, மிச்சத்துக்குப் பொரிகடல, கூட ரெண்டு பச்ச மொளகா, தாளிப்புல கொஞ்சம் கடுகு தூக்கல். ஆவணியில ஆரம்பிச்சது. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல, தட்டுல மிச்சம் வைக்கல, அப்ப சரின்னு அவரும் ஓட்டிட்டாரு.

அவரு பொண்டாட்டி காந்தியும் ஒண்ணும் சொல்லாம இருந்தா. பொம்பள ஒண்ணும் சொல்லலைன்னா அது சரின்னு அர்த்தமில்லன்னு கல்யாணம் ஆன எல்லாருக்கும் தெரியும்.

இப்ப உள்ள இருந்து மடார் மடார்னு தேங்கா ஒடைக்குத சத்தம். அண்ணாச்சி மத்த நிறுத்திட்டு எண்ணுனாரு. அஞ்சு, ஆறு, ஏழு. நிக்கும்னு பாத்தா எட்டு. ஒம்பது.

"ஏட்டி, என்ன செய்யுத?"

பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.

போயி எட்டிப் பாத்தாரு. சாக்கு விரிச்சு அரிவாள நிமித்தி வச்சிகிட்டு காந்தி உக்காந்திருந்தா, சுத்தி இருவத்திநாலு மூடி.

"ஏழுதான ஒடைக்கது, பன்னெண்டையும் ஒடச்சு வச்சிருக்க?"

"ஒடச்சாச்சு. ஒட்டவா வைக்க முடியும்."

"வெளையாடுதியா? நாளைக்குள்ளதும் அதுலதான இருந்துச்சு."

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாருங்க." துருவிய இழுத்துப் போட்டு கால வச்சு உக்காந்துகிட்டா. "நேத்து தொட்டிப் பக்கம் எல எடுக்கப் போனேன் யத்தான். சாப்பிட்டுப் போட்ட எலையில பூரா சட்னி. சாம்பார வழிச்சுத் தின்னிருக்கான், சட்னிய அப்படியே வச்சு மடக்கிட்டுப் போயிருக்கான். தட்டுல சாப்பிடுதவன் உங்க மூஞ்சிக்காக நக்கித் திங்கான், எலையில சாப்பிடுதவன் மூடிட்டுப் போறான். வெல ஏத்துங்க, இல்ல கடைய மூடுங்க. ருசியக் கொறைக்காதிய."

"ஏத்துனா மார்க்கெட் ஆளுக எங்கட்டி போவான். அவனுக்குக் கெடைக்கதே மூட்டக் கூலி."

"எட்டு போடுங்க."

"எட்டா? ரெண்டு ரூவாயா ஒரே தாவுல?"

"அப்ப ஏழுன்னாவது எழுதுங்க, சும்மா சாக்பீஸ பையிலயே வச்சிட்டு அலையாம."

அது இவளுக்கு எப்படித் தெரியும்னு அண்ணாச்சி கேக்கல. கேட்டா இன்னும் என்னெல்லாம் தெரியும்னு சொல்ல ஆரம்பிச்சிருவா.

மூணரைக்கு வடைக்கு உளுந்து கிரைண்டர்ல ஏறிச்சு. வட மாவுல இசக்கிய அவரு நம்ப மாட்டாரு, அவரே பக்கத்துல நின்னு தண்ணிய அள்ளி அள்ளித் தெளிப்பாரு, ஒரு கை கூடிட்டா வட எண்ணெயக் குடிச்சிரும், கொறைஞ்சா கல்லு மேல எறிஞ்சாலும் ஒடையாது. கல்லு சுத்தச் சுத்த மாவு வெள்ளயா ஏறி ஓரத்துல பந்தா சேரும், அந்த நேரம் பாத்து ஒரு சொம்புல பச்சத் தண்ணிய எடுத்து மாவ ஒரு பொட்டு கிள்ளி அதுல போடணும். முங்குனா இன்னும் ஓடட்டும், மெதந்தா நிறுத்து. மொத மட்டம் போட்டது பாதி முங்கி யோசிச்சுகிட்டே நின்னுது. அடுத்த மட்டம் போட்ட ஒடனே மேல வந்து சுத்துச்சு. "நிறுத்துல"ன்னாரு. மெளகு, இஞ்சி, கருவப்பில, கொஞ்சம் தேங்காச் சில்லு. தேங்காச் சில்லும் ஆவணியில இருந்து நிப்பாட்டி வச்சதுதான், காந்தி கேக்காமலே ஒரு கிண்ணத்துல அரிஞ்சு கொண்டு வந்து பக்கத்துல வச்சிட்டுப் போனா. எடுத்துப் போட்டாரு.

நாலு மணிக்கு மாவுப் போணிய தொறந்தா, கழுத்து வரைக்கும் வந்து நிக்கி. மேல சின்னச் சின்னதா ஓட்ட ஓட்டயா குமிழி. அண்ணாச்சிக்கு அப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சுது. அகப்பைய அடி வரைக்கும் விட்டுக் கலக்காம, மேலாப்புல ஒரு பக்கமா அள்ளி உப்பப் பாத்துட்டு, துணிய நனைச்சுப் பிழிஞ்சு தட்டுல விரிச்சு ஊத்த ஆரம்பிச்சாரு. கொப்பரையில ஆவி சீறுது, மூடியக் கவுத்து மேல ஒரு கல்லத் தூக்கி வச்சான் இசக்கி. சாம்பாருக்குப் புளி கரைச்சு ஊத்தி, வெங்காயம் வெந்ததும் பருப்ப சேத்து, வத்தலும் காயமும் தாளிச்சுக் கொட்டுனதும் மழைக்கு ஒதுங்கி நின்ன நாயி கூட எந்திரிச்சு உக்காந்துட்டு.

சட்னிய காந்தி தான் அரைச்சா. மிக்சி இல்ல, சின்ன கிரைண்டர். தேங்காப் பூவு, பச்ச மொளகா, ஒரு சின்னக் கை பொரிகடல, உப்பு, அவ்வளவுதான். அண்ணாச்சி சுண்டு வெரலால தொட்டு நாக்குல வச்சாரு. ஒண்ணும் பேசல. இன்னொரு மட்டம் தொட்டாரு.

"போதும், யாவாரத்துக்கு இருக்கட்டும்"ன்னா காந்தி.

நாலே முக்காலுக்கு கோயில் பக்கத்துல இருந்து மணிச் சத்தம் கேட்டுது. காந்தி வாசலக் கழுவி விட்டு, ஈரத்துல கோலம் நிக்காதுன்னு தெரிஞ்சும் நாலு கோடு இழுத்துட்டு, ஷட்டர முழுசாத் தூக்கச் சொன்னா. அண்ணாச்சி ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறுனாரு. சாக்பீஸு வேர்வையில நனைஞ்சு பாதி மாவாப் போயிருந்துது. துணிய வச்சு அந்தப் பழைய 6அ அழிச்சாரு, எண்ணப் பிசுக்கு, லேசுல போவல. 7ன்னு எழுதுனாரு. எறங்கி தள்ளி நின்னு பாத்துட்டு, திரும்ப ஏறி கொஞ்சம் சின்னதா எழுதுனாரு. சின்னதா எழுதுனா வெல கொறஞ்சிருமா, மனுசப் புத்தி.

மொத ஆளு சுடலமுத்து. சாக்கத் தலையில மடக்கிப் போட்டுகிட்டு, முண்டாவ தொடைச்சுகிட்டே வந்து வழக்கமான மூல பெஞ்சுல உக்காந்தாரு. வயசு அறுவதுக்கு மேல, இன்னும் வெங்காய மூட்டையத் தூக்குதாரு. பலகைய அவரு ஏறிட்டுக் கூடப் பாக்கல, பாத்து எத்தன வருசமாவுதோ.

"அஞ்சு போடும்வே."

ஆவி பறக்க அஞ்சு இட்லி, மேல சாம்பாரு, ஓரமா சட்னி. அண்ணாச்சி கல்லாவுக்குப் போவாம சாம்பார் வாளியக் கையில வச்சிகிட்டு அங்கயே நின்னாரு. சுடலமுத்து ஒரு விள்ளு எடுத்து சட்னியில முக்கி வாயில போட்டு மென்னாரு. இன்னொரு விள்ளு. அப்புறம் தலைய நிமித்துனாரு.

"வேலு, தேங்கா வெல எறங்கிட்டா?"

"எறங்கலயே அண்ணாச்சி. ஏன்?"

"இல்ல, சட்னி பழையபடி இருக்கு. ஆவணியில இருந்து பொரிகடலயத்தான கரைச்சு ஊத்திட்டு கெடந்தீரு."

அண்ணாச்சிக்கு காது சூடாயிட்டு. "தெரியுமா?"

"நாக்குன்னு ஒண்ணு இருக்குல்லா. செட்டுல எல்லாப் பயலுக்கும் தெரியும். ரெண்டு பேரு கேக்கணும்னு துள்ளுனானுவ, நான்தான் சும்மா கெடங்கலே, மனுசன் ஏதோ மொடையில இருக்காரு, சரியானா அவரே சரி பண்ணிருவாருன்னு அடக்கி வச்சிருந்தேன்." அடுத்த இட்லியப் பிச்சாரு. "இன்னும் கொஞ்சம் ஊத்தும், அதையே பாத்துட்டு நிக்கீரே."

ஊத்துனாரு. இனிமே சொல்லாம இருந்தா அசிங்கம்னு தோணிட்டு போல, வாளியக் கீழ வைக்காமலே சொல்லிட்டாரு. "அண்ணாச்சி, இன்னைல இருந்து இட்லி ஏழு ரூவா."

சுடலமுத்து மெல்லத நிறுத்திட்டு இப்பத்தான் பலகையப் பாத்தாரு. கண்ண இடுக்கிப் பாத்தாரு.

"அஞ்சு இட்லி முப்பத்தஞ்சு."

"ஆமா."

"நெதம் அஞ்சு ரூவா." கணக்கு கொஞ்ச நேரம் அவரு மூஞ்சியில ஓடுச்சு. "சரி, அப்ப நான் கமிஷன் கடையில போயி சொல்லுதேன், வேலு கடையிலயே ஏத்திட்டாவ, மூட்டைக்கு ஒரு ரூவா சேத்துக் குடும் மொதலாளின்னு. ரொம்ப நாளா கேக்க ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு."

"கேளும், தாராளமா கேளும்."

உள்ள இருந்து காந்தி சத்தம் வந்துது. "கூலி ஏறுனா வெங்காயம் ஏறும். வெங்காயம் ஏறுனா சாம்பாரு ஏறும். அதுக்குத்தான் யத்தான் அப்பவே எட்டு போடுங்கன்னேன்."

"யம்மா தாயி, நான் கேக்கவே இல்ல, விட்டுரு!"ன்னு சுடலமுத்து வாய்க்குள்ள இட்லிய வச்சிகிட்டே சிரிச்சாரு, பொறை ஏறிட்டு, இசக்கி தண்ணிய எடுத்துட்டு ஓடுனான். வெளிய செருப்பக் கழத்துத சத்தம், நாலஞ்சு பேரு மொத்தமா உள்ள நொழஞ்சானுவ, ஒருத்தன் உக்காரும் முன்னயே எட்டு இட்லி ரெண்டு வடன்னு கத்துனான், இன்னொருத்தன் பலகையப் பாத்துட்டு "யாருவே இது, ஏழா ஒண்ணா?"ன்னு கேட்டான்.

"ஏழுதாம்ல, கண்ணு தெரியலையா"ன்னாரு சுடலமுத்து, "மொதல்ல சட்னியத் தொட்டுப் பாத்துட்டு பேசு."