பிச்சாவரம் களப்பணி: இடர் மதிப்பீடு

கிள்ளையை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் 12 இடங்களில் சேற்று மாதிரி எடுக்கவும் நண்டு வளைகளை எண்ணவும் நாங்கள் ஆறு பேர் மே 6 முதல் 15 வரை செல்கிறோம். பத்து நாளும் அக்கினி நட்சத்திரத்துக்குள் வருகின்றன. பாம்பைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்கு முதல் ஆபத்து வெயில். கடற்காற்று வீசினாலும் சுரபுன்னை அடர்ந்த வாய்க்கால்களுக்குள் அது நுழைவதில்லை. புழுக்கத்தில் வியர்வை உலராது, உடல் சூடும் இறங்காது. சென்ற ஆண்டு எங்கள் மாணவி ஒருவர் பகல் 11 மணிக்கு முழங்கால் சேற்றில் நின்றபடியே தலைசுற்றிச் சாய்ந்தார். படகுக்குத் தூக்கி வரவே அரை மணி நேரம் ஆனது. அதனால் இம்முறை வேலை காலை 5.30 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் மட்டுமே. மாதிரி குறைந்தாலும் இந்த நேரம் மாறாது. யாராவது பேச்சில் குழறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே நிழலில் படுக்கவைத்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே கரைக்குக் கொண்டுவர வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காட்டுக்குள் இருப்பதெல்லாம் உப்புத்தண்ணீர். ஆளுக்கு 5 லிட்டர் கணக்கில் 30 லிட்டர் போதும், ஆனாலும் 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றுவோம். மிச்சம் 10 லிட்டர் கண்ணும் காயமும் கழுவ. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கிளை வெட்டத் தடை. உப்புக்கரைசல் பொட்டலங்களும் உப்பிட்ட மோரும் உடன் வரும். சேற்றில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்க வேண்டும். முள் குத்தினால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அமிழ்த்த, பிளாஸ்கில் வெந்நீர் இருக்கும். பாம்பு கடித்தால் கட்டோ கீறலோ கூடாது. காலை அசைக்காமல் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. கடல்பாம்பு விஷத்துக்கு அது உதவாது. அதனால் வலையில் சிக்கிய பாம்பை யாரும் தொடக் கூடாது. பழைய கொள்ளிடப் பக்கம் முதலை உண்டு. அங்கே கரையில் இறங்கிக் கைகால் கழுவுவதும் வேண்டாம். எந்த வாய்க்காலுக்குள் போகலாம், எப்போது திரும்பலாம் என்பதில் கிள்ளைப் படகோட்டி அண்ணன் சொல்வதே முடிவு. உள்ளே செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எனவே ஒருவர் படகுத்துறையிலேயே இருப்பார்; காலை 8, 10, மாலை 5, 6.15 மணிக்கு வாக்கி டாக்கியில் பேசுவோம். குறித்த நேரம் தாண்டி அரை மணி சத்தமில்லை என்றால் அவர் யாரையும் கேட்காமல் இரண்டாவது படகை அனுப்பி, 108க்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கும் அழைப்பார். படகு முகத்துவாரம் தாண்டியிருந்தால் கடலோரக் காவல்படையின் 1554க்கும்.