பண்டாரியின் அத்தோ

ரங்கூன் பக்கத்துத் திலாவா துறைமுகத்தை விட்ட மறுநாளே கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. ஜூலை மாதத்தில் அந்தமான் கடல் அப்படித்தான். சிங்கப்பூர் போகிற கப்பலுக்கு வலப்புற விலாவில் அலை அறையும். கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டுகொண்டே போகும்.

இரவு எட்டு மணி வாட்ச் முடிந்து கப்பலின் சமையலறை வாசலில் வந்து நின்றான் கேடட் கண்ணன். மோல்மேன் பையன், முதல் பயணம். இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை.

"வாந்தியா, வீட்டு நினைப்பா?" என்று கேட்டார் கப்பலில் சமைக்கும் பண்டாரி செல்லையா.

"ரெண்டும்தான் மாமா."

"அம்மா என்ன செஞ்சு குடுப்பாங்க?"

"மொகிங்கா. சனிக்கிழமைன்னா அத்தோ."

"இந்த ஆட்டத்துல குழம்புச் சட்டியை ஏத்தினா நீயும் நானும் வெந்துடுவோம். எண்ணெய்ச் சட்டியும் கூடாது. அத்தோ போடலாம், கையக் கழுவு."

மேசையில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் பேசினை வைத்தார். அப்போதுதான் அது நழுவாது. சேமியாவைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மூடியை இறுக்கிப் பாத்திரத்தைத் தொட்டிக்குள் இறக்கினார். பொரித்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் ரங்கூனிலேயே தயார் செய்து புட்டியில் அடைத்தவை. கடல் எப்போது கெடும் என்று தெரிந்த பண்டாரி துறைமுகத்திலேயே பொரித்துவிடுவார்.

"முதல்ல எண்ணெய். இழை இழையாப் பிரியணும். அப்புறம்தான் மாவு."

கண்ணன் விரல்களை விரித்துச் சேமியாவை அடியிலிருந்து தூக்கி உதறினான். வறுத்த கடலை மாவு தூவியதும் ஈரம் இழுத்து, இழைகள் கையில் சொரசொரத்தன. முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், இறால் பொடி, இடித்த மிளகாய். கப்பல் ஒரேயடியாகச் சாய, பேசினை மார்போடு அணைத்துக்கொண்டான். மேலே எங்கேயோ தட்டுகள் உடைந்தன. செல்லையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சை வேணாம் மாமா. எங்க வீட்டுல புளிதான்."

"ரங்கூன்ல எங்களுக்கு ரெண்டும் உண்டு."

"அம்மா புளியை மட்டும் கெட்டியாக் கரைச்சு, கடைசியா ஊத்துவாங்க. முன்னாடியே ஊத்தினா மாவு கட்டி தட்டிடும்."

செல்லையா கத்தியை வைத்துவிட்டுப் புளிக் கரைசலை அவன் பக்கம் நகர்த்தினார். "சரி, உங்க அம்மா சொல்றபடியே ஊத்து. பேசினை நான் பிடிச்சுக்கிறேன்."

கண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தான். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான், இன்னொரு பிடி. கண் கலங்கியது, மிளகாயும் கொஞ்சம் தூக்கல்தான்.

பிரிட்ஜிலிருந்து போன் அடித்தது. வாசனை அங்கே எட்டியிருக்க முடியாது. வாட்ச் மாறி இறங்கியவன் யாரோ சொல்லியிருக்கிறான்.

"மேல ரெண்டு தட்டு கேக்குறாங்க" என்றார் செல்லையா.

வாய் நிறைய அத்தோவோடு கண்ணன் சொன்னான்: "காரம் எவ்வளவுன்னு கேளுங்க மாமா."